டைப் 1 குழந்தையின் வகுப்பு மிஸ்ஸுக்கு ஒரு கடிதம்: படித்துப் பார்த்துத் திருத்துங்கள்

பெரம்பூர்_அம்மா

என் மகளுக்கு ஆறு வயதில் டைப் 1 சர்க்கரை என்று தெரிந்தது. இப்போது ஒன்பது வயது, 26 கிலோ. வருகிற ஜூனில் நாலாம் வகுப்பு, புது மிஸ். அவருக்குக் கொடுக்க ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். போன வருஷமும் எழுதினேன், மூன்று பக்கம். கணையம் என்ன செய்யும், இன்சுலின் ஏன் சுரக்கவில்லை, இது பரம்பரையா, ஒட்டிக்கொள்ளுமா என்று எல்லாம் விளக்கமாக எழுதியிருந்தேன். மிஸ் அக்கறையோடு வாங்கிப் படித்துவிட்டு பைலில் வைத்தார். ஆனால் தேவைப்பட்ட நாளில் அந்தக் கடிதம் உதவவில்லை.

அந்த நாளைச் சொல்கிறேன். ஆண்டு விழா ஒத்திகை. வழக்கமாக 10:40க்கு இண்டர்வல், அன்றைக்கு 11:15 வரை விடவில்லை. பாப்பா சுண்டல் சாப்பிடவில்லை. வகுப்புக்கு வந்ததும் மேஜையில் தலையை வைத்துப் படுத்திருக்கிறாள். ஒத்திகையில் களைத்துவிட்டாள் என்று மிஸ் கொஞ்ச நேரம் விட்டுவிட்டார். பிறகு சந்தேகம் வந்து, பக்கத்துப் பெண்ணைத் துணைக்கு அனுப்பி, "சிக் ரூமுக்குப் போ" என்றிருக்கிறார். வகுப்பு இரண்டாவது மாடி, சிக் ரூம் தரைத்தளம். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். ஆயாம்மா பார்த்துத் தூக்கிப் போயிருக்கிறார். சர்க்கரை பார்க்கும் மீட்டர் பையில், பை மாடியில். ஒருவர் ஓடிப்போய் எடுத்து வந்து பார்த்தால் சர்க்கரை 48, அது 70க்குக் கீழே போகக் கூடாது. குளுக்கோஸ் கொடுக்கலாமா என்று அங்கே ஒரு விவாதம், "சுகர் இருக்கிற பிள்ளைக்கு இனிப்பா?" என்று. கடைசியில் யாரோ ஒரு சாக்லேட் கொடுத்திருக்கிறார்கள். இருபது நிமிஷம் கழித்து நான் போய்ச் சேர்ந்து பார்த்தபோது 51.

யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. எல்லோரும் நல்லது செய்யத்தான் நினைத்தார்கள். என் கடிதத்தில் தேவையானது இல்லை. இந்த முறை என்ன எழுத வேண்டும்?

வடபழனி_ராஜா

உங்கள் கவலை புரிகிறது, சகோதரி. என் அம்மாவுக்கும் 15 வருஷமாக சுகர். கடிதத்தின் முதல் வரியிலேயே "இனிப்பு எதுவும் கொடுக்கக் கூடாது" என்று தடித்த எழுத்தில் போடுங்கள். பள்ளியில் பிறந்தநாள் என்றால் சாக்லேட் கொடுத்துவிடுகிறார்கள், அதுதான் பெரிய பிரச்சினை. அம்மாவுக்கு வெந்தயம் ஊறவைத்த தண்ணீர் கொடுத்தோம், மாத்திரையே பாதியாகக் குறைந்தது. பாப்பாவுக்கும் கொடுத்துப் பாருங்கள்.

பெரம்பூர்_அம்மா

அன்பாகச் சொன்னதற்கு நன்றி, அண்ணா. உங்கள் அம்மாவுக்கு இருப்பது டைப் 2 என்று நினைக்கிறேன். பாப்பாவின் உடம்பில் இன்சுலினே சுரப்பதில்லை. ஊசியை நிறுத்தி வெந்தயத்தை நம்பினால் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து. அன்று சிக் ரூமில் நடந்ததும் இதேதான். சுகர் என்றால் இனிப்பு கூடாது என்ற எண்ணம் எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. அதனால் இனிப்பு தேவைப்பட்ட ஒரே நேரத்தில் அதைக் கொடுக்கத் தயங்கினார்கள்.

வடபழனி_ராஜா

நான் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிட்டேன். மன்னிக்கவும். அப்படியென்றால் நான் சொன்னதற்கு நேர்மாறாகத்தான் முதல் வரி இருக்க வேண்டும் போலிருக்கிறது.

மாடிப்படி_டீச்சர்

நான் 19 வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், வகுப்பில் 44 பிள்ளைகள். ஆசிரியை பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், அம்மா. மூன்று பக்கக் கடிதத்தை நான் படிப்பேன், மனதும் கனக்கும். ஆனால் ஒரு பிள்ளை மேஜையில் சாயும்போது அந்தக் கடிதம் நினைவுக்கு வராது. எனக்கு ஒரு பக்கம் போதும். என்ன பார்த்தால், என்ன செய்ய வேண்டும், யாருக்குப் போன். அதை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுவேன். நான் லீவில் இருந்தால் வேறு மிஸ் வருவார், அவருக்கும் கண்ணில் படும்.

அப்புறம் அறிகுறிகள். கடிதங்களில் எப்போதும் ஒரே பட்டியல்தான்: நடுக்கம், வியர்வை, படபடப்பு, பசி, மயக்கம். மே முடிந்து பள்ளி திறக்கும்போது சென்னையில் பி.டி. பீரியட் முடிந்து வருகிற 44 பேருமே வியர்த்துத்தான் வருவார்கள். உங்கள் மகள் என்ன செய்வாள் என்று எழுதுங்கள். சர்க்கரை குறைந்து லோ ஆகும்போது அவளிடம் என்ன மாறும்?

பெரம்பூர்_அம்மா

இதை யாருமே என்னிடம் கேட்டதில்லை, மிஸ். யோசித்துப் பார்த்தேன். முதலில் பேச்சு குறையும். கேள்வி கேட்டால் பதில் தாமதமாக வரும், சில சமயம் அதே கேள்வியைத் திருப்பிச் சொல்வாள். எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கும். வீட்டில் அவள் நோட்டைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறேன். காரணமில்லாமல் கோபம் வரும், பென்சிலைத் தூக்கிப் போடுவாள். வியர்வை எல்லாம் கடைசியில்தான். உதடு வெளுத்துவிடும்.

மாடிப்படி_டீச்சர்

இதுதான் வேண்டும். கையெழுத்து கோட்டை விட்டு இறங்குவது எந்த மிஸ் கண்ணிலும் படும். கோபத்தையும் கட்டாயம் எழுதுங்கள். பென்சிலைத் தூக்கிப் போட்டால் நான் முதலில் கண்டிப்பேன், சர்க்கரையை நினைக்க மாட்டேன்.

எழும்பூர்_சிஸ்டர்

குழந்தைகள் சர்க்கரை நோய்ப் பிரிவில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒரு கேள்வி, அம்மா. பாப்பாவுக்கு எந்த இன்சுலின், எத்தனை மணிக்கு?

பெரம்பூர்_அம்மா

காலை 6:50க்கு ரெகுலரும், கலங்கலாக இருக்கும் என்.பி.எச்.சும் சேர்த்து, சிஸ்டர். 7:20க்கு இட்லியோ தோசையோ. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் மறுபடி. பள்ளியில் ஊசி கிடையாது.

எழும்பூர்_சிஸ்டர்

நினைத்தேன். அப்படியென்றால் அந்த 48 ஏன் வந்தது என்பது தெளிவு. ரெகுலர் போட்டு இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் அதன் வேகம் உச்சத்தில் இருக்கும். 6:50க்குப் போட்டால் சுமார் ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை. அது இறங்குவதற்குள் என்.பி.எச். ஏற ஆரம்பித்துவிடும். ஆக 10:40 என்பது இரண்டும் சேர்ந்து வேலை செய்கிற நேரம். காலை இட்லி அதற்குள் செரித்து முடிந்திருக்கும். அந்தச் சுண்டலை ஸ்நாக்ஸ் என்று நினைக்காதீர்கள். காலையில் போட்ட ஊசி அதையும் எதிர்பார்த்துத்தான் போடப்பட்டது. ஊசி உள்ளே போய்விட்டது, சாப்பாடு வரவில்லை, மேலே ஒத்திகையில் ஆட்டம் வேறு.

அதனால் கடிதத்தில் முதல் வரி அறிகுறி பற்றியதாக இருக்க வேண்டாம். "10:40க்குச் சாப்பிட வேண்டும். இண்டர்வல் தள்ளிப்போனால் அவள் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே சாப்பிடட்டும்." இது ஒன்று நடந்தால் பாதி லோ வராது. மதியச் சாப்பாடும் அப்படியே, என்.பி.எச். இருக்கும்போது அதையும் தள்ளிப் போட முடியாது.

புது வகை இன்சுலின் போடுகிற பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நீண்ட நேரம் சமமாக வேலை செய்கிற ஊசி ஒன்று, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் வேகமான ஊசி ஒன்று என்று போடும் பிள்ளைக்கு 10:40 கட்டாயம் இருக்காது, ஆனால் மதியம் பள்ளியிலேயே ஊசி போட வேண்டும். இன்னொருவர் கடிதத்தைப் பார்த்து அப்படியே எழுதக் கூடாது என்பது இதனால்தான்.

தாம்பரம்_பி_டி_சார்

பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருக்கிறேன். என் வகுப்பிலும் இப்படி ஒரு பையன் உண்டு. நான் இரண்டு விஷயம் செய்வேன். நடுங்கினால் உடனே ஒரு சாக்லேட், நன்றாக வேலை செய்கிறது. அப்புறம் ரிஸ்க் வேண்டாம் என்று அவனை ஓட விடுவதில்லை, ஸ்கோர் எழுத உட்கார வைத்துவிடுவேன். கடிதத்தில் "பி.டி. வேண்டாம்" என்று எழுதிவிடுங்கள்.

எழும்பூர்_சிஸ்டர்

சார், உடனே இனிப்பு கொடுக்கிறீர்களே, அது சரி. யோசித்துக்கொண்டு நிற்பதைவிட நூறு மடங்கு நல்லது. ஆனால் சாக்லேட்டில் கொழுப்பு அதிகம், அது சர்க்கரையை ரத்தத்துக்கு மெதுவாகத்தான் விடும். பெரம்பூர் அம்மாவின் மகளுக்கு இருபது நிமிஷத்தில் 48 வெறும் 51 ஆனதைப் பாருங்கள். குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், அது இல்லையா, வீட்டுச் சர்க்கரை. பிஸ்கட்டும் பாலும் பிறகுதான்.

ஓட விடாமல் வைக்க வேண்டாம், சார். பீரியடுக்கு முன் மீட்டரில் பாருங்கள். 100க்குக் கீழே இருந்தால் மூன்று மாரி பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு விளையாடட்டும். 70க்குக் கீழே என்றால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். சுகர் 250க்கு மேல் இருந்து கூடவே வாந்தி, வயிற்றுவலி இருந்தால் அன்றைக்கு விளையாட்டு கூடாது, வீட்டுக்குப் போன் செய்யுங்கள், இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேருகிற கீட்டோன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மற்ற நாளெல்லாம் அந்தப் பையன் ஓடலாம்.

தாம்பரம்_பி_டி_சார்

சாக்லேட் பற்றி எனக்குத் தெரியாது, சிஸ்டர். நாளைக்கே குளுக்கோஸ் டப்பா வாங்கி வைக்கிறேன். அவன் கிரவுண்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். பாவம், ஆறு மாசமாக உட்கார வைத்திருக்கிறேன்.

பெரம்பூர்_அம்மா

அளவு சொல்லுங்கள், சிஸ்டர். இணையத்தில் எங்கும் 15 கிராம், 15 நிமிஷம் என்று இருக்கிறது. அதையே எழுதலாமா?

எழும்பூர்_சிஸ்டர்

15 நிமிஷம் சரி. 15 கிராம் பெரியவர்களுக்கான அளவு. குழந்தைக்குக் கிலோவுக்கு 0.3 கிராம் என்று கணக்கு. 26 கிலோவுக்கு ஏறக்குறைய எட்டு கிராம், பத்து கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயத்தில் அள்ளி அள்ளிக் கொடுத்தால் மதியத்துக்குள் 300க்குப் போய் நிற்கும், அப்புறம் அதை இறக்குகிற பாடு.

ஆனால் மிஸ்ஸை அளக்கச் சொல்லாதீர்கள். ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒரு அளவு, தலை தட்டியதா குவித்ததா என்று வேறு குழப்பம். வீட்டில் தராசில் பத்து பத்து கிராமாக எடை போட்டு சின்ன ஜிப் கவரில் கட்டிவிடுங்கள். ஒரு கவர், அரை டம்ளர் தண்ணீர். கால் மணி நேரம் கழித்து மீட்டர். 70க்கு வரவில்லை என்றால் இன்னொரு கவர். தண்ணீர் கையில் இல்லையென்றால் பவுடரை அப்படியே வாயில் போட்டுக்கொள்ளலாம்.

மறுபடி குத்திப் பார்க்கும் முன் கை கழுவ வேண்டும். விரலில் குளுக்கோஸ் ஒட்டியிருந்தால் மீட்டர் 180, 200 என்று காட்டும். சரியாகிவிட்டது என்று நினைத்து விட்டுவிடுவார்கள், உள்ளே 55 இருக்கும். கையில் சர்க்கரை பார்க்கும் சென்சார் ஒட்டுகிற பிள்ளைகளுக்கு வேறொன்று. சென்சார் எண் ரத்தத்தைவிடச் சில நிமிஷம் பின்தங்கியே வரும், குளுக்கோஸ் கொடுத்த பிறகு விரலில் பார்ப்பதே நம்பகம்.

சைதை_92

நானும் டைப் 1. எட்டாம் வகுப்பில் வந்தது, இப்போது 45 வயது. அன்று பள்ளியில் யாருக்கும் இதைப் பற்றித் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. வகுப்பில் எழுந்து "சார், எனக்குக் கை நடுங்குது" என்று சொல்வதற்குள் தைரியம் போய்விடும். லோ ஆகும்போது மூளைக்கே சர்க்கரை குறைகிறது, உதவி கேட்க வேண்டும் என்பதே தோன்றாது. ஒருமுறை கணக்குப் பரீட்சையில் கடைசி இரண்டு பக்கம் என்ன எழுதினேன் என்றே தெரியாது. அதனால் "முடியவில்லை என்றால் அவளே சொல்வாள்" என்று கடிதத்தில் எழுதாதீர்கள், அம்மா. என் அம்மா அப்படித்தான் சொல்லி அனுப்பினார்.

பரீட்சைக்கு ஒரு வரி சேருங்கள். மேஜையில் குளுக்கோஸும் தண்ணீரும் மீட்டரும் இருக்கட்டும், 70க்குக் கீழே போனால் அந்த நிமிஷங்களைத் திருப்பித் தரட்டும். சி.பி.எஸ்.இ. 2017லேயே பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் டைப் 1 பிள்ளைகள் இனிப்பு மாத்திரை, பழம், சாண்ட்விச், தண்ணீர் எடுத்துப்போக அனுமதித்திருக்கிறது. நாலாம் வகுப்புக்குக் கேட்பதில் தயங்க ஒன்றுமில்லை.

இன்னொன்று. ஒருமுறை வீட்டில் நினைவில்லாமல் கிடந்தபோது பாட்டி கன்னத்துக்கு உள்ளே தேன் தடவித்தான் எழுப்பினார். அதையும் எழுதலாமே?

எழும்பூர்_சிஸ்டர்

உங்கள் பாட்டி கைராசிக்காரர், தம்பி. ஆனால் மிஸ்ஸுக்கான கடிதத்தில் அதை எழுத எனக்குச் சம்மதமில்லை. நினைவில்லாத குழந்தையின் வாயில் எது போட்டாலும் மூச்சுக்குழலுக்குள் போகலாம். பக்கவாட்டில் படுக்க வைத்து, கன்னத்தின் உட்புறம் கொஞ்சமாகத் தடவலாம் என்று சொல்கிற டாக்டர்களும் உண்டு, அதை மறுக்கவில்லை. அது அவரவர் டாக்டர் நேரில் காட்டிச் சொல்ல வேண்டியது. கடிதத்தில், "வாயில் எதுவும் வைக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108" என்பதே போதும்.

சர்க்கரையை உயர்த்துகிற குளுக்ககான் ஊசி இருந்தால் அதுதான் சரியான மருந்து. 25 கிலோவுக்கு மேல் என்பதால் உங்கள் மகளுக்கு முழு 1 மில்லிகிராம், அதற்குக் கீழே பாதி. போட்ட பிறகு வாந்தி வரலாம், அதனாலும் ஒருக்களித்தே படுக்க வைக்க வேண்டும். ஆனால் எல்லாக் கடையிலும் கிடைக்காது, விலையும் அதிகம்.

மாடிப்படி_டீச்சர்

ஊசி என்றால் நான் பயப்படுவேன், ஒளிக்காமல் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் அனுமதிப்பார்களா என்பதும் சந்தேகம். ஆனால் அனுப்பாமல் இருப்பது என் கையில் இருக்கிறது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் சிக் ரூமுக்கு அனுப்புவது எங்கள் பழக்கம், யோசிக்காமலே செய்வோம். "அனுப்பாதீர்கள்" என்று பெரிதாக எழுதுங்கள்.

பெரம்பூர்_அம்மா

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். பாருங்கள்.

> அன்புள்ள மிஸ்,
>
> என் மகளுக்கு டைப் 1 சர்க்கரை. காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு வருகிறாள். உங்களிடம் நான் கேட்பது நான்கு விஷயம்.
>
> தினமும் 10:40க்கு அவள் டப்பாவில் இருப்பதைச் சாப்பிட வேண்டும். ஒத்திகை, விழா, பரீட்சை எதுவானாலும் அந்த நேரத்தில் இருக்கும் இடத்திலேயே சாப்பிட விடுங்கள். மதியச் சாப்பாடும் தள்ளிப்போகக் கூடாது.
>
> அவள் பேச்சு குறைந்தாலோ, கேட்டதையே திருப்பிச் சொன்னாலோ, எழுத்து கோட்டை விட்டு இறங்கினாலோ, காரணமில்லாமல் கோபப்பட்டாலோ, சர்க்கரை குறைகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவளாக வந்து சொல்ல மாட்டாள், சொல்ல முடியாது. அவளை எங்கும் அனுப்பாதீர்கள், துணையோடும் வேண்டாம். இருக்கும் இடத்திலேயே உட்கார வைத்து மீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தாலோ, மீட்டர் கைக்கு எட்டவில்லை என்றாலோ உடனே ஒரு குளுக்கோஸ் கவரை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். இந்த நேரத்தில் இனிப்புதான் அவளுக்கு மருந்து. சாக்லேட் வேண்டாம், அது தாமதமாகும். 15 நிமிஷம் கழித்துக் கை கழுவ வைத்து மறுபடி பாருங்கள். 70 வரவில்லை என்றால் இன்னொரு கவர். வந்துவிட்டால் இரண்டு பிஸ்கட். அப்புறம் எனக்குப் போன் செய்யுங்கள். முதலில் குளுக்கோஸ், பிறகு போன்.
>
> நினைவில்லை, விழுங்க முடியவில்லை, வலிப்பு வருகிறது என்றால் வாயில் எதுவும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108, பிறகு எனக்கு.
>
> தண்ணீர் குடிக்கவும் பாத்ரூம் போகவும் கேட்டால் பாடத்துக்கு நடுவிலும் விடுங்கள். சர்க்கரை ஏறியிருந்தால் அடக்க முடியாது. அடிக்கடி போகிறாள் என்றால் அன்றே எனக்குச் சொல்லுங்கள். கூடவே வாந்தி, வயிற்றுவலி இருந்தால் காத்திருக்காமல் கூப்பிடுங்கள், வந்து அழைத்துப் போகிறேன்.
>
> விளையாடலாம், பிறந்தநாள் சாக்லேட்டும் வாங்கிக்கொள்ளலாம். சாக்லேட்டை மட்டும் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், சாப்பாட்டோடு கணக்கு வைத்துக் கொடுக்கிறேன்.

மாடிப்படி_டீச்சர்

இதை நான் ஒட்டுவேன். "முதலில் குளுக்கோஸ், பிறகு போன்" மிகவும் தேவை. இல்லையென்றால் உங்கள் நம்பர் பிஸி என்று நின்றுகொண்டிருப்போம். கவர்கள் எங்கே இருக்கும் என்று எழுதவில்லையே?

எழும்பூர்_சிஸ்டர்

நான்கு இடம், அம்மா. வகுப்பு அலமாரி, பாப்பா பை, பி.டி. சார் கையில், வேனில். மழை நாளில் வேன் தண்ணீரில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரம் ஆகும், வேன் அண்ணனுக்கும் சொல்லிக் கொடுங்கள். மீட்டரில் செருகுகிற ஸ்ட்ரிப் டப்பாவை வெயில்படும் ஜன்னலோரம் வைக்க வேண்டாம், மூடியும் இறுக்கமாக இருக்கட்டும். சூட்டிலும் ஈரத்திலும் ஸ்ட்ரிப் கெட்டால் எண் தவறாக வரும்.

பெரம்பூர்_அம்மா

இன்று மிஸ்ஸைப் பார்த்துவிட்டு வந்தேன். கடிதத்தைப் படித்தார், நான்கு இடத்தையும் அடியில் கையால் எழுதிச் சேர்த்தோம். என் விரலில் குத்தி மீட்டர் காட்டினேன். உடனே அவர் தன் விரலை நீட்டி, "நானே பண்ணிப் பார்க்கிறேன்" என்றார். முதல் ஸ்ட்ரிப்பில் ரத்தம் போதவில்லை, இரண்டாவதில் 112 வந்தது. கவரையும் கரைத்துப் பார்த்தார். அலமாரிக் கதவில் ஒட்டியாயிற்று.

குளுக்ககானுக்கு அலுவலகத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. டாக்டர் கடிதத்தோடு மறுபடி கேட்கப் போகிறேன். வேன் அண்ணன் கவரை ஸ்டியரிங் பக்கத்து டப்பாவில் வைத்துக்கொண்டார்.

மிஸ் ஒன்று கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. மொத்த வகுப்புக்கும் சொல்லலாமா? தெரிந்தால் எல்லோரும் கவனிப்பார்கள் என்கிறார்.

சைதை_92

சொல்வதே நல்லது என்பது என் எண்ணம். மறைத்ததால்தான் நான் பல வருஷம் கஷ்டப்பட்டேன்.

மாடிப்படி_டீச்சர்

எனக்கு அவ்வளவு உறுதியாகத் தோன்றவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைகள் அன்பாகவும் இருப்பார்கள், பட்டப்பெயரும் வைப்பார்கள். அவளையே கேளுங்கள், அம்மா.

பெரம்பூர்_அம்மா

கேட்டேன். போன வருஷம் படியில் கூடவே உட்கார்ந்திருந்த தோழிக்கு மட்டும் சொன்னால் போதும் என்கிறாள். அவளுக்குக் கவர் எங்கே இருக்கிறது என்று தானே காட்டப் போகிறாளாம்.